வெளியில் கட்டிய ஃப்ளெக்ஸ் கிழிகிறதா, எழுத்து மடிப்புக்குள் போகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கிழிந்த பேனரை இறக்கியதும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தரையில் விரித்து, கிழிசல் எங்கே தொடங்கியது என்று முதலில் பாருங்கள். கயிறு கட்ட ஓரத்தில் அடிக்கும் உலோக வளையமான ஐலெட்டிலிருந்து தொடங்கியதா, மடிப்பு பிரிந்ததா, காற்றுக்காகப் போட்ட வெட்டின் முனையிலிருந்து ஓடியதா என்பதைப் பொறுத்துக் காரணமும் மருந்தும் மாறும். பெரும்பாலான கடைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "காத்து ஜாஸ்தி சார்". காற்று எல்லா பேனர் மேலும்தான் அடிக்கிறது. ஒன்று நிற்கிறது, பக்கத்தில் இருப்பது கிழிகிறது என்றால் காரணத்தைத் துணியிலும் கட்டிலும்தான் தேட வேண்டும்.

கணக்குக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 10 அடி அகலம், 4 அடி உயரம். கடையின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு இரும்புக் குழாய்கள் நட்டு, நடுவே கட்டும் சாதாரண பேனர். பின்னால் சுவர் கிடையாது, காற்று நேராக வந்து முட்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான். உங்கள் அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எழுத்து ஓரத்தில் மடிந்துவிட்டது, அல்லது ஐலெட் எழுத்தின் மேல் விழுந்துவிட்டது

இதில் காற்றுக்குச் சம்பந்தமே இல்லை. ஃபைல் போட்டபோதே நடந்த தவறு இது. டிசைனர் 10×4 அடி என்று ஃபைல் போடுகிறார், கடைக்காரர் அதை 4 அடி ரோலில் ஓட்டுகிறார். பிறகு நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் பின்னால் மடித்து ஒட்டுகிறார்கள். கைக்கு வரும் பேனரின் அளவு 9 அடி 9 அங்குலத்துக்கு 3 அடி 9 அங்குலம். ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைத்த எழுத்து மடிப்புக்குப் பின்னால் போயிருக்கும். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தது மடிப்பின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும், அதன் மேல்தான் ஐலெட்டும் விழும்.

முதல் பலி எப்போதுமே கடைசி வரிதான். முகவரி, கைபேசி எண், அனுமதி எண் எல்லாவற்றையும் "கீழே கொஞ்சம் இடம் இருக்கு" என்று அங்கேதான் தள்ளுவார்கள். கைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தில் ஐலெட் துளை விழுந்துவிட்டால் அது 0, 6, 8 மூன்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பேனர் அடித்த காசு அந்த ஒரு வட்டத்துக்குள் போய்விடும்.

சரியான வழி, முடிந்த அளவிலிருந்து வெளிப்புறமாகக் கூட்டிப் போவது. மாட்டும்போது 120×48 அங்குலம் வேண்டும் என்றால், ஒவ்வொரு பக்கமும் மடிப்புக்கு 1.5 அங்குலம் சேர்த்து ஃபைலை 123×51 அங்குலமாகப் போடுங்கள். பின்னணி நிறமும் படமும் அந்த 123×51 முழுக்கப் பரவியிருக்க வேண்டும். இல்லையென்றால் மடிப்பு கொஞ்சம் கோணினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். எழுத்தும் முகமும் லோகோவும் முடிந்த விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே இருக்கட்டும். அதாவது ஃபைல் விளிம்பிலிருந்து 5.5 அங்குலம். எழுத்துக்கு மீதமிருக்கும் இடம் 112×40 அங்குலம். போட்டோஷாப்பில் `New Guide Layout` திறந்து `Margin` நான்கிலும் 5.5 அங்குலம் கொடுத்துவிட்டால் கோடு தானாக விழும், கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை.

இங்கே தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எழுத்து உட்காரும் கோட்டை வைத்து இடைவெளியை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். 'ழு', 'ரு' ஆகியவற்றின் வால் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கும். 'கீ', 'தீ' போன்றவற்றின் சுழி மேலே ஏறும். 8 அங்குல உயர எழுத்தில் அந்த வாலே இரண்டு அங்குலத்தைத் தாண்டலாம். அதனால் எழுத்தின் கடைசி மை எங்கே முடிகிறதோ அங்கிருந்து 4 அங்குலத்தை அளங்கள்.

இன்னொரு சந்தேகமும் வரும். 51 அங்குலம் என்றால் 4 அடி ரோலில் அடங்காதே? அடங்காது. 5 அடி ரோலில்தான் ஓட்ட வேண்டும், மிச்சத் துணிக்கும் சேர்த்துக் கடைக்காரர் காசு கேட்பார். அது நியாயம்தான். அது வேண்டாம் என்றால், முடிந்த உயரம் 45 அங்குலம்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு அதற்கேற்ப வடிவமைக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் பேனர் நன்றாக வரும். 4 அடி ரோலில் ஓட்டி 4 அடி முடிந்த அளவும் கேட்பதுதான் தப்பு. அப்படிக் கேட்டால் கடைக்காரர் மடிப்பையே விட்டுவிட்டு ஒற்றைத் துணியில் ஐலெட் அடித்துத் தருவார், அது அடுத்த அறிகுறியில் போய் முடியும். ரோலின் இரண்டு ஓரத்திலும் இயந்திரம் பிடிப்பதற்குச் சிறிது இடம் அச்சாகாமல் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓரத்தைச் சுற்றிப் போடும் மெல்லிய பார்டர் கோட்டைத் தவிர்ப்பது நல்லது. கையால் மடிக்கும் மடிப்பு 10 அடி நீளத்துக்கு அரை அங்குலமாவது விலகும். பார்டர் இல்லாவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. பார்டர் இருந்தால் தெருமுனையிலிருந்தே தெரியும். வாடிக்கையாளர் பிடிவாதமாகக் கேட்டால் விளிம்பிலிருந்து 3 அங்குலமாவது உள்ளே போடுங்கள்.

ஐலெட் பிய்ந்து வந்துவிட்டது

பிய்ந்த ஐலெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கும்.

முதல் விதம்: ஐலெட்டைச் சுற்றி ஒரு வட்டத் துணி ஒட்டிக்கொண்டிருக்கும், பேனரில் பெரிய துளை விழுந்திருக்கும். ஐலெட் துணியை நன்றாகப் பிடித்திருக்கிறது, துணிதான் தாங்கவில்லை என்று இதற்கு அர்த்தம். துளையின் ஓரத்தில் எத்தனை அடுக்கு தெரிகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் தெரிந்தால் மடிப்பே போடவில்லை, அல்லது மடிப்பு குறுகலாக இருந்து ஐலெட் அதற்கு வெளியே விழுந்திருக்கிறது. ஒன்றரை அங்குல மடிப்பில், ஓரத்திலிருந்து முக்கால் முதல் ஓர் அங்குலத்துக்குள் ஐலெட்டின் நடு விழ வேண்டும். அப்போதுதான் இரண்டு அடுக்கும் அதற்குள் மாட்டும்.

இரண்டாவது விதம்: ஐலெட் மட்டும் சுத்தமாகக் கழன்று கயிற்றோடு தொங்கும், துணியில் கொஞ்சம் விரிந்த துளை மட்டும் இருக்கும். ஐலெட் அடித்ததில் கோளாறு. துளை போடும் உளி ஐலெட் கழுத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கலாம், வாஷர் போடாமல் விட்டிருக்கலாம், அடி போதாமல் இருந்திருக்கலாம். இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க முடியும். ஐலெட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் திருகுங்கள், சுற்றினால் வாங்காதீர்கள். பின்பக்கம் திருப்பி, வாஷரின் மேல் கழுத்து ஒரே சீராக மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பூப்போல நாலைந்து இதழாக வெடித்திருந்தால் அந்த இதழ்களே துணியை அறுக்கும், கயிற்றையும் அறுக்கும். துளை ஐலெட் கழுத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருந்து, கழுத்து இறுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

மூன்றாவது விதம்: துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டு, முட்டை வடிவில் இழுபட்டு, கடைசியில் ஓரத்தையே பிளந்திருக்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டிய விதம். எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் இழுவை இருந்திருக்கிறது. கட்டுக்கம்பியை நேராக ஐலெட்டில் போட்டு முறுக்கினால் இது சீக்கிரம் நடக்கும். கம்பி மீளாது, பேனர் துடிக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அறுக்கும்.

இந்த மூன்றாவது விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால் நம் 10×4 பேனர் மேல் விழும் தள்ளல் தோராயமாக 28 கிலோ. காற்றின் வேகம் ஒன்றரை மடங்காகி 54 ஆனால் தள்ளல் இரண்டே கால் மடங்காகி 63 கிலோ அளவுக்குப் போகும். 28 கிலோதானே என்று தோன்றும். ஆனால் ஐலெட் தாங்குவது இந்தத் தள்ளலை மட்டும் இல்லை. கொடிக் கயிற்றின் நடுவில் ஒரு வாளியை மாட்டினால், கயிறு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கம்பத்தை அதிகம் இழுக்கும் இல்லையா, பேனரிலும் அதே கதைதான். குழாய்கள் இரண்டு மட்டுமே தாங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் பேனர் நடுவில் ஓர் அடி புடைக்க இடம் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இழுவை சுமார் 35 கிலோ. அரை அடிதான் புடைக்க முடியும் என்றால் 70 கிலோ. முறுக்கி முறுக்கிக் கட்டி 3 அங்குலம் மட்டுமே புடைக்க விட்டால் அதே காற்றுக்கு 140 கிலோ. "நல்லா இறுக்கிக் கட்டுப்பா" என்று கீழே நின்று சொல்பவர்தான் ஐலெட்டைப் பிய்க்கிறார்.

இதிலிருந்து செய்ய வேண்டியவை தானாகத் தெரியும். சுமை போவது இரண்டு குறுகிய பக்கங்களுக்கு. ஆனால் கடைகளில் நான்கு பக்கமும் ஒரே இடைவெளியில்தான் ஐலெட் அடிப்பார்கள். மேலும் கீழும் 2 அடிக்கு ஒன்று போதும்: மூலை ஐலெட்கள் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே என்றால் நடுவே 118 அங்குலம், அதை 5 ஆகப் பிரித்தால் 23.6 அங்குலத்துக்கு ஒன்று, ஒரு வரிசைக்கு 6. குறுகிய பக்கத்தில் அப்படி விடாமல், 46 அங்குலத்தை நாலாகப் பிரித்து 11.5 அங்குலத்துக்கு ஒன்றாகப் போடுங்கள், மூலையோடு சேர்த்து 5. மொத்தம் 18 ஐலெட். ஒரே சீராக அடித்திருந்தால் 14 வந்திருக்கும். கூடுதல் நாலு ஐலெட்டுக்கு ஆகும் செலவு, பேனரை மறுபடி அடிக்கும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

நாலு மூலையிலும் பின்பக்கம் 4 அங்குல முக்கோணமாக ஒரு துண்டு ஃப்ளெக்ஸ் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். வெட்டி எறியும் துணியிலேயே அது கிடைக்கும்.

கட்டுவதற்குக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு எடுங்கள். குழாய்க்கும் பேனருக்கும் நடுவே 4 முதல் 6 அங்குலம் இடம் விட்டு, ஒவ்வொரு ஐலெட்டையும் தனித்தனியாகக் கட்டலாம். கீழ் மூலைகளிலும் பக்கவாட்டு நடு ஐலெட்களிலும் பழைய டூவீலர் டியூபை ஒரு அங்குல அகலத்துக்கு வெட்டிய பட்டையை நடுவே கோர்த்துக் கட்டினால் காற்று வரும்போது நீண்டு பேனரைப் புடைக்க விடும், விட்டதும் இழுத்துக்கொள்ளும். டயர் கடையில் சும்மாவே கிடைக்கும் இந்தப் பட்டையைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை. மூலைக் கயிறு இரண்டு பக்கத்துக்கும் சாய்வாக வெளியே போகட்டும், நடு ஐலெட் கயிறு நேராகப் போகட்டும். நடு ஐலெட்டைச் சாய்த்து இழுத்தால் மேலே சொன்ன முட்டைத் துளைதான் வரும்.

மடிப்பு பிரிந்து தொங்குகிறது

பிரிந்த இரண்டு முகத்தையும் வெயிலில் காட்டிப் பாருங்கள். பசை ஒரு பக்கத்தில் மட்டும் பளபளவென்று காய்ந்து, எதிர்ப் பக்கம் சுத்தமாக இருந்தால் பசை பிடிக்கவே இல்லை. தூசி, ஈரம், அல்லது பசை தடவி உலர நேரம் கொடுக்காமல் ஒட்டியது காரணம். பசைக் கோடு விட்டுவிட்டுப் போயிருந்தால் அவசரத்தில் தடவியிருக்கிறார்கள். ஒட்டியதும் ரோலரை வைத்து அழுத்தி ஓட்டாமல் கையால் தட்டிவிட்டு அனுப்புவதும் வழக்கம். ஒட்டிய பேனரை ஒரு இரவாவது பலகை மேல் விட்டுவைப்பது நல்லது, அன்றைக்கே மாட்டினால் மத்தியான வெயிலில் பசை இளகி மடிப்பு நழுவும்.

பிரிந்த இடத்தில் பசையோடு சேர்ந்து மெல்லிய படலம் ஒன்று உரிந்து வந்து, உள்ளே வலை மாதிரி நூல் தெரிந்தால் பசையைக் குறை சொல்ல முடியாது. சாதாரண ஃப்ளெக்ஸ் என்பது நூல் வலையின் இரு பக்கமும் பிவிசி படலம் ஒட்டியது. விலை குறைந்த ரகத்தில் அந்தப் படலமே வலையை விட்டுப் பிரியும். வேறு ரகம்தான் தீர்வு. மாடிக்கு மேல் திறந்த வெளியில் கட்டுவதற்குச் சதுர மீட்டருக்கு 240 கிராம் எடையுள்ள, அதாவது 240 ஜிஎஸ்எம் துணி வேண்டாம், 340 கேளுங்கள். கடைகளில் ஸ்டார் ஃப்ளெக்ஸ் என்று சொல்வதும் சாதாரண ரகத்தைவிட உறுதியானதுதான், என்றாலும் பெயரை நம்பாமல் ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கேட்டு, ஓரத்துண்டைக் கையால் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

மடிப்பைப் பின்பக்கமாகத்தான் மடிக்க வேண்டும். பின்பக்கத்தில் மை இல்லை, பசை நேராகப் பிவிசியைப் பிடிக்கும். மை மேல் ஒட்டினால் பசை பிடிப்பது மையைத்தான், அது உரிந்துவிடும். 10 அடிக்கு மேல் உயரமும் அகலமும் உள்ள பேனரில் இரண்டு துணியை இணைக்கும்போது இந்தத் தப்பு அடிக்கடி நடக்கும். கீழே வரும் துணியின் ஓரத்தில் ஓர் அங்குலம் அச்சாகாமல் வெள்ளையாக விட்டு, அதன் மேல் அடுத்த துணியை ஏற்றி ஒட்டச் சொல்லுங்கள். அந்த ஓர் அங்குலத்தை ஃபைலிலேயே விட வேண்டும், ஓட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பசையைவிடச் சூடான காற்றால் உருக்கி ஒட்டும் வெல்டிங் மேல். பெரிய கடைகளில் அதற்கு இயந்திரம் இருக்கும். வெல்டிங் சரியா என்று பார்க்க, மிச்சத் துண்டில் ஒரு சாண் ஒட்டிக்காட்டச் சொல்லிக் கையால் உரியுங்கள். ஒட்டு விடாமல் துணியே பிய்ந்து நூல் தெரிந்தால் சரி. தோல் மாதிரி சுத்தமாகப் பிரிந்தால் சூடு போதவில்லை. பழுப்பாகிச் சுருங்கியிருந்தால் சூடு அதிகம், அந்தக் கோட்டிலேயே பின்னால் முறியும்.

மாடியில் நிரந்தரமாகக் காற்றடிக்கும் இடம் என்றால், மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் ஒட்டுவதற்கு முன்பே 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு ஒன்றை உள்ளே வைத்து ஒட்டி, இரு முனையையும் ஓர் அடி வெளியே விடச் சொல்லுங்கள். அந்தக் கயிற்றைக் குழாயில் கட்டினால் இழுவையில் பெரும்பகுதி கயிற்றுக்குப் போய்விடும், ஐலெட்டுக்குப் போகாது. இப்படிச் செய்தால் மடிப்புக்கு ஒன்றரைக்குப் பதில் இரண்டு அங்குலம் விட வேண்டும், ஃபைல் அளவையும் மாற்ற வேண்டும்.

காற்றுக்காகப் போட்ட வெட்டிலிருந்தே கிழிந்துவிட்டது

பேனரில் நாலைந்து அரைவட்டம் வெட்டிவிட்டால் காற்று அதன் வழியே போய்விடும், பேனர் தப்பிக்கும் என்பது தெருவெங்கும் இருக்கிற நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 அங்குல அகல அரைவட்டத்தின் பரப்பு 6 சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். பத்து வெட்டு போட்டால் 63. நம் பேனரின் மொத்தப் பரப்பு 5,760 சதுர அங்குலம். பத்து மடலும் முழுசாகத் திறந்தாலும் நூறில் ஒரு பங்குதான் காற்றுக்கு வழி. 28 கிலோவில் குறைவது கால் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அதற்காகப் பத்து இடத்தில் துணியின் நூலை அறுத்திருக்கிறோம்.

அதனால் மேலே சொன்ன மடிப்பும் ஐலெட்டும் மீளும் கட்டும் சரியாக இருக்கும் 10×4 பேனருக்கு வெட்டு வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி. உண்மையாகவே காற்று அதிகமுள்ள இடம் என்றால் துணியையே மாற்றுங்கள். முழுக்கச் சிறு துளைகள் உள்ள மெஷ் ஃப்ளெக்ஸ் அதற்காகவே வருகிறது. ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் பொள்ளாச்சிப் பக்கமோ, காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழிப் பக்கமோ மாடியில் கட்டுகிறீர்கள் என்றால் மெஷ் தவிர வேறு யோசனையே வேண்டாம். மெஷ்ஷில் சின்ன எழுத்து தெளிவாக வராது, துளைகள் எழுத்தைத் தின்னும். முகவரி வரியை ஒரு அங்குல எழுத்தில் போட்டால் படிக்க முடியாது, மூன்று அங்குலமாவது வேண்டும்.

வாடிக்கையாளர் வெட்டு வேண்டும் என்றே நிற்கிறார், அல்லது ஏற்கெனவே வெட்டிய பேனர் கிழிகிறது என்றால் வெட்டின் முனையைப் பாருங்கள். கத்தி நின்ற இடம் கூர்மையாக இருக்கும், கிழிசல் அங்கிருந்துதான் ஓடும். வெட்டுவதற்கு முன்பே இரு முனையிலும் 5 மில்லிமீட்டர் உளியால் ஒரு வட்டத் துளை போட்டு, அந்தத் துளையிலிருந்து மறு துளை வரை கத்தியை ஓட்ட வேண்டும். வட்டத்தில் வந்து முடியும் வெட்டு எளிதில் நீளாது. ஏற்கெனவே வெட்டியதற்கும் முனையில் இந்தத் துளையைப் போட்டு, பின்பக்கம் 2 அங்குலத் துண்டு ஒன்றை ஒட்டலாம்.

மடல் மேல் பக்கம் ஒட்டியிருந்து கீழ்ப் பக்கம் திறக்க வேண்டும், அதாவது அரைவட்டத்தின் வளைவு கீழே இருக்க வேண்டும். அப்போது காற்று நின்றதும் தன் எடையில் மூடிக்கொள்ளும். தலைகீழாக வெட்டினால் மடல் நாக்கைப் போலத் தொங்கி நிற்கும். நேர்க்கோடாகவோ, கூட்டல் குறியாகவோ வெட்டவே கூடாது. ஓரத்திலிருந்து ஓர் அடியாவது உள்ளே தள்ளியும், ஒன்றுக்கொன்று ஒன்றரை அடியாவது தள்ளியும், ஒரே வரிசையில் வராமல் மேலும் கீழுமாகவும் போடுங்கள். வரிசையாகப் போட்டால் ஒன்று கிழிந்ததும் அடுத்ததோடு சேர்ந்து பேனர் இரண்டாகும்.

வெட்டு எங்கே விழும் என்பதை டிசைன் போடும்போதே முடிவு செய்யுங்கள். மாட்ட வந்த ஆள் பிளேடை எடுத்துக் கண்டபடி வெட்டினால் தலைவர் மூக்கில் ஒரு அரைவட்டம், மணமகளின் நெற்றியில் ஒன்று என்று விழும். அதில் வரும் சண்டைக்குக் காற்றே மேல். ஃபைலில் தனி லேயரில் வட்டங்களை வைத்து, எங்கே வெற்றுப் பின்னணி இருக்கிறதோ அங்கே நகர்த்திவிட்டு, ஓட்டும்போது அந்த லேயரை மறைத்துவிடலாம். அதன் படத்தை மட்டும் மாட்டுபவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள்.

காலையில் விறைப்பாக இருந்தது, மத்தியானம் தொய்ந்து சுருக்கம் விழுகிறது

பிவிசி வெயிலில் இளகி நீளும், இரவில் சுருங்கும். மத்தியானத் தொய்வைப் பார்த்துவிட்டு ஏறிப் போய் இறுக்கினால், விடியற்காலையில் அது சுருங்கும்போது ஐலெட்டை இழுக்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, சில நாளில் முட்டைத் துளை தெரிய ஆரம்பிக்கும். டியூப் பட்டை இருந்தால் இந்தப் பிரச்சினையை அதுவே பார்த்துக்கொள்ளும். காலையில் கட்டும்போது லேசாகத் தளர்த்தியே கட்டுங்கள்.

சுருக்கத்தின் திசை காரணத்தைச் சொல்லும். மூலையிலிருந்து நடுவை நோக்கிச் சாய்வாக ஓடினால் அந்த மூலை மட்டும் அதிகம் இழுபடுகிறது, அதைத் தளர்த்துங்கள். மேலிருந்து கீழாக ஐலெட்டுக்கு ஐலெட் மடிப்பு விழுந்தால் மேல் வரிசையில் இடைவெளி அதிகம், அல்லது நடு ஐலெட்களைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். கீழ் ஓரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் கீழ் ஐலெட்கள் சும்மா தொங்குகின்றன. அந்த அடியில்தான் ஓரத்து நூல் பிரியும், மை உதிரும். பேனரில் இருக்கும் எல்லா ஐலெட்டுக்கும் கயிறு போட வேண்டும், பாதியை விட்டால் மீதிப் பாதி இரு மடங்கு தாங்கும்.

நடுவில் நேர்க்கோடாக வெள்ளையாக மை வெடித்திருந்தால் அது கட்டியதால் வந்ததல்ல. புடவை மடிப்பது போல் மடித்துப் பைக்கில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஃப்ளெக்ஸை மடிக்காமல், அச்சு வெளிப்பக்கம் வரும்படி சுருட்டியே கொண்டுபோக வேண்டும். அச்சிட்ட உடனே இறுக்கிச் சுருட்டினாலும் மை பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டிய இடத்திலேயே சரிசெய்வதும், இறக்கிவிடுவதும்

ஒரு ஐலெட் மட்டும் போயிருந்தால் புதிதாகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பின்பக்கத்தில் 4 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை ஃப்ளெக்ஸ் பசையால் ஒட்டி, பழைய துளையிலிருந்து 2 அங்குலம் தள்ளிப் புது ஐலெட் அடிக்கலாம். கையில் ஐலெட் இல்லையென்றால் ஒரு கோலிக்குண்டு போதும். மூலையின் உட்பக்கம் குண்டை வைத்துத் துணியோடு சேர்த்துச் சுற்றி, கழுத்தில் கயிற்றைக் கட்டினால் துளையே இல்லாமல் பிடி கிடைக்கும். தார்ப்பாய் கட்டுகிறவர்கள் இதைத்தான் செய்வார்கள். அன்றைய நாளைக்குத் தாங்கும். செலோ டேப்பால் ஒட்டுவது வீண், வெயிலில் ஒரு மணி நேரம் நிற்காது.

ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு ஐலெட் போயிருந்தால், கிழிசல் ஓர் அடிக்கு மேல் ஓடியிருந்தால், அல்லது மடிப்பு மூலையில் திறந்து கயிறு தெரிந்தால் ஒட்டுப் போடாதீர்கள், இறக்குங்கள். கழன்ற பக்கம் பாய்மரமாகிக் குழாயையே சாய்க்கும். புயல் எச்சரிக்கை வந்தால் நன்றாக இருக்கும் பேனரையும் முதல் நாளே இறக்க வேண்டும். இறக்கும்போது கீழ்க் கயிறுகளை முதலில் அவிழ்த்து, துணியைக் கீழிருந்து மேலாகச் சுருட்டிக்கொண்டே போய், கடைசியில் மேல் மூலைகளை அவிழுங்கள். மேல் மூலையை முதலில் விட்டால் காற்று துணியை உங்கள் முகத்தில் சுற்றிவிடும், நிற்பது மாடியின் விளிம்பு.

சாலைக்கு மேலேயோ, நடுத்திட்டிலோ மட்டும் கட்டாதீர்கள், எவ்வளவு நல்ல ஐலெட்டாக இருந்தாலும் சரி. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலையில் இருந்த பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்தார். மாடியில் கட்டும் பேனருக்கும் உள்ளாட்சி அனுமதி வேண்டுமா என்று கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி எண் கொடுத்தால் அதைக் கீழ் ஓரத்திலிருந்து 4 அங்குலம் மேலே, ஐலெட் வரிசைக்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.